அரியர் வைத்தவளுக்கும் ஒரு நாள் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

போன வாரம் என் தங்கை பேத்தி போன் செய்தாள். கடைசி செமஸ்டர். முதலாண்டு ஆங்கிலத்தில் ஒரு அரியர் இருக்கிறது. அட்டவணை வந்துவிட்டது, அந்த ஆங்கிலப் பேப்பரும் அவளுடைய மூன்றாமாண்டுப் பேப்பர் ஒன்றும் ஒரே நாள், ஒரே முற்பகல். ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறாள். "அரியர்தானே, அதை அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கல்லூரி என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஏனென்றால் இதே பதிலை நானே ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன்.

உங்களில் பலருக்கு நான் கணக்கு வாத்தியார். ஓய்வு பெறுவதற்கு முன் சில ஆண்டுகள் தேர்வுப் பிரிவிலும் இருந்தேன் என்பது கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும். அட்டவணை போடுவது, எந்த அறையில் யார் உட்காருவது என்று வரைவது, இரண்டும் என் வேலை. நான் போட்ட முதல் ஏப்ரல் அட்டவணையில் முதலாண்டையும் மூன்றாமாண்டையும் முற்பகலில் வைத்தேன், இரண்டாமாண்டைப் பிற்பகலில் வைத்தேன். ஏன் அப்படி? பக்கத்துப் பக்கத்தில் ஒரே வினாத்தாள் இருக்கக் கூடாது. முதலாண்டுப் பையன் பக்கத்தில் மூன்றாமாண்டுப் பையனை உட்கார வைத்தால் பார்த்து எழுத வழியே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். பார்க்க அழகாக இருந்தது.

ஹால் டிக்கெட் கொடுத்த அன்று வேதியியல் மூன்றாமாண்டுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள். "சார், ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கு." ஒன்று அவளுடைய ஆறாவது செமஸ்டர் பேப்பர், மற்றொன்று முதலாண்டுத் துணைக் கணிதம். துணைக் கணிதம் எடுத்தது நான்தான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏம்மா, அரியரை நவம்பர்ல எழுதிக்கோ." அவள் ஒன்றும் பேசவில்லை. பி.எட். சேர விண்ணப்பம் போட்டிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பட்டம் கையில் இல்லாததால் அந்த ஆண்டு போயிற்று. நவம்பரில் எழுதித் தேறிவிட்டாள், அதுவும் நல்ல மதிப்பெண்ணில். ஏப்ரலில் எழுதியிருந்தாலும் தேறியிருப்பாள். அவளுடைய ஒரு வருஷத்தைத் தின்றது கணிதம் அல்ல, என் அட்டவணை.

அந்த அட்டவணையில் பிழை எங்கே இருந்தது என்று விடுமுறையில் உட்கார்ந்து யோசித்தேன். நான் பாடத்திட்டத்தைப் பார்த்து அட்டவணை போட்டிருந்தேன். எந்த ஆண்டுக்கு எந்தப் பேப்பர் என்று பாடத்திட்டம் சொல்லும். யார் எந்தப் பேப்பருக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது தேர்வுக் கட்டணப் பதிவேடு. பாடத்திட்டத்தின்படி முதலாண்டுக்கும் மூன்றாமாண்டுக்கும் பொதுவான ஆள் யாருமே கிடையாது. பதிவேட்டின்படி துணைக் கணிதத்துக்கு மட்டும் வேதியியல் மூன்றாமாண்டில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

பள்ளித் தேர்வைப் பார்த்திருப்பீர்கள். பிளஸ் டூ அட்டவணையில் கணிதமும் விலங்கியலும் ஒரே நாளில் வரும். வேதியியலும் கணக்குப்பதிவியலும் ஒரே நாளில் வரும். கணிதம் எடுத்தவன் உயிரியல் எடுத்திருப்பான், விலங்கியல் எடுத்திருக்க மாட்டான். விலங்கியல் எடுத்தவனுக்குக் கணிதம் இருக்காது. இரண்டு பாடத்துக்கும் பொதுவான மாணவன் ஒருவன்கூட இல்லை என்றால் அவற்றை ஒரே வேளையில் வைக்கலாம். ஒரே ஒருவன் இருந்தாலும் வைக்கக் கூடாது. விதி அவ்வளவுதான். அரியர்க்காரர்களையும் அவர்கள் மறக்கவில்லை. 2024 மார்ச்சில் பிளஸ் டூ 1-ம் தேதி தொடங்கி 22-ல் முடிந்தது. பிளஸ் ஒன் 4-ம் தேதி தொடங்கி 25-ல் முடிந்தது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடின, ஆனால் ஒரு தேதிகூட இரண்டிலும் இல்லை. அதனால் பிளஸ் ஒன்னில் ஒரு பாடம் போன பிளஸ் டூ பிள்ளை இரண்டையும் எழுத முடிந்தது. ஒரு மாநிலத்துக்கே செய்ய முடிந்ததை ஒரு கல்லூரிக்குச் செய்ய முடியாதா என்பதுதான் என் கேள்வி.

முடியும். எப்படி என்று சொல்கிறேன். நான் அந்த விடுமுறையில் காகிதத்தில் போட்டுப் பார்த்ததையே, சுருக்குவதற்காக இரண்டு துறைகளோடு நிறுத்திச் சொல்கிறேன்: வேதியியல், வரலாறு. இரண்டாமாண்டுக்கு எப்போதும் பிற்பகல் என்பதால் அவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். முற்பகலில் மோதுவது முதலாண்டும் மூன்றாமாண்டும்தான்.

முதலாண்டில் ஆளுக்கு நான்கு பேப்பர். தமிழும் ஆங்கிலமும் இரண்டு துறைக்கும் பொது. அதற்கு மேல் வேதியியலுக்குத் துணைக் கணிதமும் முதன்மைப் பாடமும். வரலாற்றுக்குத் துணைப் பொருளியலும் முதன்மைப் பாடமும். மூன்றாமாண்டில் இரண்டு துறைக்கும் நான்கு நான்கு பேப்பர்.

முதல் வேலை, எந்த இரண்டு பேப்பருக்கு எத்தனை பேர் பொது என்று எண்ணுவது. எக்செலில் ஒரு வரிசைக்கு ஒரு மாணவர், ஒரு பத்திக்கு ஒரு பேப்பர் என்று வைத்து, பணம் கட்டியிருந்தால் 1 போடுங்கள். இல்லாவிட்டால் காலியாக விடுங்கள். B பத்தியில் துணைக் கணிதம், C பத்தியில் மூன்றாமாண்டு முதல் பேப்பர் என்றால்:

```
=SUMPRODUCT(B2:B801,C2:C801)
```

800 மாணவர்களில் இரண்டுக்கும் பொதுவானவர்கள் எத்தனை பேர் என்று வந்துவிடும். எங்கள் கணக்கில் துணைக் கணிதத்துக்கு வேதியியல் மூன்றாமாண்டில் ஒன்பது பேர், வரலாறு மூன்றாமாண்டில் பூஜ்யம். வரலாற்றுக்காரன் துணைக் கணிதம் படிக்கவே இல்லையே. ஆங்கிலத்துக்கு வேதியியலில் நான்கு பேர், வரலாற்றில் ஏழு பேர். தமிழில் இரண்டும் ஒன்றும். துணைப் பொருளியலில் வரலாற்றுக்காரர்கள் மூன்று பேர், வேதியியலில் யாரும் இல்லை. மற்றவையும் இப்படித்தான்.

அடுத்தது, எதை முதலில் வைப்பது? நாம் பொதுவாகச் சுலபமானதை முதலில் வைத்துவிட்டுக் கடைசியில் இடமில்லாமல் திண்டாடுவோம். தலைகீழாகச் செய்ய வேண்டும். எந்தப் பேப்பர் அதிகமான மற்றப் பேப்பர்களோடு மோதுகிறதோ அதற்கு முதலில் நாள் கொடுக்க வேண்டும். வெல்ஷ், பவல் என்ற இருவர் 1967-லேயே இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். வரைபடத்தின் புள்ளிகளுக்கு வண்ணம் தீட்டும் கணக்கு என்று அதற்குப் பெயர். மோதும் இரண்டு புள்ளிகளுக்கு ஒரே வண்ணம் வரக் கூடாது. வண்ணம் என்பது இங்கே தேர்வு வேளை. எம்.எஸ்ஸி.யில் இதைப் படித்துவிட்டு, தேர்வுப் பிரிவு நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோனவன் நான்.

அதிகம் மோதுவது தமிழும் ஆங்கிலமும். எல்லாத் துறையிலும் அவற்றுக்கு அரியர் உண்டு. ஆகவே அந்த இரண்டு முற்பகலிலும் மூன்றாமாண்டுக்கு எந்தப் பேப்பரும் வைக்கக் கூடாது. மற்றவற்றுக்கு ஒரே விதி போதும்: ஒரே துறையின் இரண்டு ஆண்டுகளைச் சேர்க்காதே, வேறு வேறு துறைகளைச் சேர். முதலாண்டு வேதியியலுக்குப் பக்கத்தில் மூன்றாமாண்டு வரலாற்றை உட்கார வை. கலந்து உட்காரவும் வைத்தாயிற்று, மோதலும் இல்லை.

எனக்கு வந்த அட்டவணை இது. முதல் நாள் தமிழ். இரண்டாம் நாள் மூன்றாமாண்டு வேதியியலும் மூன்றாமாண்டு வரலாறும் முதல் பேப்பர். மூன்றாம் நாள் துணைக் கணிதம், அதோடு வரலாற்று மூன்றாமாண்டின் இரண்டாம் பேப்பர். நான்காம் நாள் வேதியியல் மூன்றாமாண்டின் இரண்டாம் பேப்பரோடு துணைப் பொருளியல். ஐந்தாம் நாள் முதலாண்டு வேதியியல் முதன்மைப் பாடமும் வரலாற்று மூன்றாம் பேப்பரும். ஆறாம் நாள் வேதியியல் மூன்றாம் பேப்பரும் முதலாண்டு வரலாறும். ஏழாம் நாள் இரண்டு துறை மூன்றாமாண்டுக்கும் கடைசிப் பேப்பர். எட்டாம் நாள் ஆங்கிலம்.

முதலாண்டுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பேப்பருக்கும் இடையில் குறைந்தது ஒரு நாள் கிடைக்கிறது. மூன்றாமாண்டுக்கு ஒரே ஒரு இடத்தில் அடுத்தடுத்த நாள் வருகிறது: வேதியியலுக்கு ஆறும் ஏழும், வரலாற்றுக்கு இரண்டும் மூன்றும். துணைக் கணித அரியர் உள்ள வேதியியல் பெண்ணுக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்று நாள் தொடர்ந்து தேர்வு. மூச்சு முட்டும். ஆனாலும் எழுதலாம்.

எட்டு முற்பகல் என்றால் அதிகம் என்பார்கள். என் பழைய அட்டவணையில் தேர்வு முற்பகல் நான்குதான். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வைத்திருந்ததால் மொத்தம் ஏழு வேலை நாளை அடைத்துக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த நாட்களில் அறைகள் சும்மா கிடந்தன. அந்தக் காலி நாட்களைத்தான் நிரப்பினேன், கூடுதலாகச் சேர்த்தது ஒரே ஒரு நாள். அறைக் கண்காணிப்பாளர்கள் அதிக நாள் வரவேண்டும் என்பது உண்மை. ஆனால் எழுதுபவர்கள் பிரிந்துவிடுவதால் ஒரு வேளைக்குத் தேவைப்படும் கண்காணிப்பாளர்கள் குறைவு. எட்டுக்குக் கீழே கொண்டுவர முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேதியியல் துறைக்கு முதலாண்டில் நான்கு, மூன்றாமாண்டில் நான்கு பேப்பர். அந்த எட்டில் எந்த இரண்டை எடுத்தாலும் பொதுவாக யாரோ ஒருவர் இருந்தார். எட்டும் தனித்தனி வேளையில்தான் வந்தாக வேண்டும்.

இனி உட்கார வைக்கும் கதை. எங்கள் அறையில் குறுக்கே ஐந்து, நெடுக்கே நான்கு என்று இருபது இடம். சதுரங்கக் கட்டம் மாதிரி மாற்றி மாற்றி வைத்தால் ஒரு பேப்பருக்குப் பத்துப் பேர், மற்றதற்குப் பத்துப் பேர். முன்னும் பின்னும் பக்கத்திலும் வேறு பேப்பர்தான் இருக்கும். துணைக் கணிதத்துக்கு முதலாண்டில் 41 பேர், அரியர் ஒன்பது, ஆக 50. பக்கத்துத் துணைக்கு வரலாற்றில் 40 பேர். நான்கு அறையில் பத்தும் பத்துமாக வைத்தால் வரலாறு முடிந்துவிடும், கணிதத்தில் பத்துப் பேர் மிச்சம். அவர்களை ஐந்தாவது அறையில் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டமாக உட்கார வைக்கலாம். அரியர் ஒன்பது பேரை எண்ணாமல் விட்டால் என்ன ஆகும்? தேர்வு அன்று காலை ஒன்பதரை மணிக்கு ஒன்பது பேர் வாசலில் நிற்பார்கள், பியூன் மேசை நாற்காலி தேடி ஓடுவார். பார்த்திருக்கிறேன்.

தமிழும் ஆங்கிலமும் எழுதும் நாளில் அறை முழுக்க ஒரே பேப்பர். என் பழைய சகா ஒருவருக்கு இது பிடிக்கவே இல்லை. "காப்பி அடிப்பாங்க சார், மூணாம் வருஷத்தைக் கலந்தே ஆகணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். பொதுத்தேர்வில் தமிழ் அன்று அறையில் இருபது பேரும் தமிழ்தானே எழுதுகிறார்கள்? இடைவெளி விட்டு உட்கார வைத்து ஒரு ஆசிரியர் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதாதா? பார்த்து எழுதுவதைத் தடுக்க இடைவெளி இருக்கிறது, கண்காணிப்பாளர் இருக்கிறார். அறை இருந்தால் பத்துப் பேராகவும் உட்கார வைக்கலாம். மோதலைத் தடுக்க அட்டவணையை விட்டால் வேறு மருந்து கிடையாது. கலந்து உட்கார வைக்கும் வசதிக்காக ஒருத்தியின் பட்டத்தைத் தள்ளிப்போடுவது நியாயமே இல்லை. என் கட்சி இதுதான். மாறுபடுபவர்கள் கீழே எழுதலாம், திட்ட மாட்டேன்.

"அரியர் வைத்தது அவள் தப்புத்தானே" என்றும் கேட்பார்கள். இருக்கட்டும். அதற்கான தண்டனை மறுபடி பணம் கட்டி மறுபடி எழுதுவது. எழுதவே விடாமல் ஆறு மாதம் நிறுத்துவது எந்த விதியிலும் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு நாள் கொடுக்காமல் இருப்பதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

எவ்வளவு கவனமாகப் போட்டாலும் ஒன்றிரண்டு மோதல் மிஞ்சலாம். படிப்பை முடித்துப் போய் ஐந்தாறு பேப்பர் பாக்கி வைத்திருக்கும் பழைய மாணவர்கள் எல்லா ஆண்டிலும், எல்லா வேளையிலும் சிதறிக் கிடப்பார்கள். அதற்கும் வழி உண்டு. இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வுகளில் இரண்டு பேப்பர் ஒரே வேளையில் வந்தால், ஒன்றை எழுதி முடித்த பிள்ளையை வெளியே விடாமல், கைபேசி இல்லாமல், ஒருவர் பார்வையிலேயே வைத்திருந்து அடுத்ததை எழுத வைக்கிறார்கள். ஒரு நாளின் மொத்த நேரம் மிக நீண்டுவிட்டால் மறுநாள் காலை வரை கண்காணிப்பில் வைத்து எழுத வைக்கவும் விதி இருக்கிறது. என்னிடம் வந்து நின்ற பெண்ணையும் முற்பகல் ஒன்று, பிற்பகல் ஒன்று என்று எழுத வைத்து, இடையில் என் அறையிலேயே சாப்பிட வைத்திருக்கலாம். கல்லூரி விதியில் அப்படி ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு அன்று தோன்றவில்லை.

தேர்வுப் பிரிவில் இருக்கும் என் மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கு ஒரே ஒரு சோதனை சொல்கிறேன். அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்பு பதிவுகளை ஒரே நீளப் பட்டியலாக எடுங்கள். ஒரு மாணவர் ஐந்து பேப்பர் எழுதினால் ஐந்து வரி. A-யில் பதிவு எண், B-யில் பேப்பர் கோட், C-யில் தேதி, D-யில் முற்பகலா பிற்பகலா. E-யில் இதைப் போட்டுக் கீழே வரை இழுங்கள்:

```
=COUNTIFS(A:A,A2,C:C,C2,D:D,D2)
```

எல்லா வரியிலும் 1 வந்தால் மோதல் இல்லை. 2 வந்தால் அந்த வரியில் இருக்கும் பிள்ளைக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். தேதிப் பத்தி எங்கேயாவது காலியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பாடத்திட்டம் மாறியதும் பழைய கோட் புதுப் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். பழைய பாடத்திட்டத்தில் அரியர் வைத்தவனுக்குத் தேர்வு நாளே இல்லாமல் போயிருக்கும். மோதலைவிட மோசம் அது, ஏனென்றால் ஹால் டிக்கெட்டில் அந்தப் பேப்பர் இல்லை என்பதை அவன் கவனிக்கவே மாட்டான். அபராதத்தோடு பணம் கட்டியவர்கள் கடைசியில் சேருவார்கள். அவர்கள் சேர்ந்த பிறகு இன்னொரு முறை இந்தச் சோதனையைப் போடுங்கள். முன்பு 1 ஆக இருந்தது அப்போதுதான் 2 ஆகும்.

அட்டவணையை முதலில் வரைவாக மூன்று நாள் ஒட்டி வைத்தால் இன்னும் நல்லது. தன்னுடைய இரண்டு பேப்பர் மோதுவது நம்மைவிடப் பிள்ளைகளுக்கு முதலில் தெரியும்.

தங்கை பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆங்கில அரியருக்கு அவளைப் போல் மூன்றாமாண்டில் இன்னும் எத்தனை பேர் பணம் கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கச் சொல்லி அதில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். தனியாளாகப் போனால் "அரியர்தானே" என்பார்கள். வகுப்புத் தோழிகளிடம் விசாரித்ததில் நேற்று இரவு வரை ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை எல்லோருமாகப் போய்க் கண்ட்ரோலரைப் பார்க்கிறார்கள். என்ன ஆயிற்று என்று இங்கேயே எழுதுகிறேன்.